அம்பத்தூர் எஸ்டேட்டில் புது வேலையா? முதல் மாசம் ஐடியா சொல்லாதீங்க!

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் காலை ஷிஃப்ட்டுக்கு இறங்கும் கூட்டத்தில் புது ஆளைக் கண்டுபிடிப்பது ஈஸி. ஐடி கார்டு கயிறு இன்னும் பளிச்சென்று இருக்கும். காலேஜ் முடித்த கையோடு புரொடக்ஷன் இன்ஜினீயர் வேலை, கூடவே மனசுக்குள் ஒரு பரபரப்பு: 'மூணு மாசத்துக்குள்ள ஏதாவது பண்ணிக் காட்டணும்.'

முதல் 90 நாள் பற்றிய பேச்சு பெரும்பாலும் மேலாளர்களுக்கானது. 2003-ல் மைக்கேல் வாட்கின்ஸ் எழுதிய 'தி ஃபர்ஸ்ட் 90 டேஸ்' அந்த வகையில் பிரபலம். அதில் சொல்லும் மூன்று விஷயங்கள், அதாவது காது கொடுத்துக் கேட்பது, சீக்கிரமே ஒரு சின்ன வெற்றி, உறவுகள், ஒரு மெஷின் ஷாப்பில் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். என் கருத்து இதுதான்: இந்த மூன்றும் தனித்தனி வேலை இல்லை. கேட்காமல் எடுத்த வெற்றி, உறவைக் கெடுத்துவிடும்.

முதலில் ஒரு பழைய கதை. 1950-ல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ, ஹிரோஷிமாவில் இன்று மஸ்தா என்று நாம் அழைக்கும் நிறுவனத்தின் ஆலைக்குப் போனார். அங்கே பெரிய பிரஸ்களில் வேலை தேங்கிக் கிடந்தது. 'ஒரு வாரம் ஸ்டாப்வாட்ச்சோட நின்னு பார்க்கிறேன்' என்றார். மேலாளருக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. நல்ல ஆட்களைத்தான் போட்டிருக்கிறோம், புது மெஷின் வாங்குவதுதான் வழி என்றார். ஷிங்கோ விடவில்லை. மூன்றாம் நாள் 800 டன் பிரஸ்ஸில் டை மாற்றும்போது ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்குமிங்கும் ஓடினார். மாட்ட வேண்டிய போல்ட் ஒன்றைக் காணவில்லை, அவ்வளவுதான். மெஷினிலும் குறை இல்லை, ஆளிடமும் குறை இல்லை. இப்படித் தொடங்கிய யோசனை 1969-ல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் வரை போனது. நான்கு மணி நேர வேலையை ஆறு மாதத்தில் 90 நிமிடம் ஆக்கினார்கள். அப்புறம் மூன்று நிமிட இலக்கு வந்தது. அதை எட்ட இன்னும் மூன்று மாதம் ஆனது.

இது நமக்கு அந்நியமான சமாச்சாரம் இல்லை. பக்கத்துப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லும், அம்பத்தூரின் ரானே பிரேக் லைனிங் 2003-லும் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியிருக்கின்றன.

நின்னு பாருங்க

கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு சிஎன்சி லேத். ஒரு நாளைக்கு மூன்று முறை பார்ட் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் செட்டிங்குக்கு 70 நிமிடம். முதல் மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு நோட்டோடு பத்து செட்டிங்காவது முழுசாக நின்று பார்ப்பது. பல ஷாப் ஃப்ளோரில் போனுக்குத் தடை, அதனால் கைக்கடிகாரம் போதும். 'அண்ணே, உங்களைச் செக் பண்ண வரல, எங்க இழுக்குதுன்னு பார்க்கணும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் டைம் எடுத்தால் அன்றே உங்கள் பெயர் கெட்டது.

பார்த்தால் இப்படி வரலாம். ஜா, இன்சர்ட் வாங்க டூல் ரூமுக்கு நடந்தது 18 நிமிடம். கேஜ் வர காத்திருந்தது 12. முதல் பீஸைக் குவாலிட்டி ஆள் வந்து ஓகே சொல்லக் காத்திருந்தது 15. நிஜமான செட்டிங் வேலை வெறும் 25 நிமிடம்.

ஆபீஸில் உட்கார்ந்தபடி யோசித்திருந்தால், 'ஆபரேட்டருக்கு டிரெய்னிங் குடுக்கணும்' என்று அந்த 25 நிமிடத்தில்தான் கை வைத்திருப்பீர்கள். அவர் பதினைந்து வருஷமாகச் செய்யும் வேலை அது.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

இரண்டாம் மாதத்துக்கான சின்ன வெற்றி அந்த 18-லும் 12-லும் இருக்கிறது. ஓடுகிற பேட்ச் முடியும் முன்பே அடுத்த பார்ட்டுக்கான ஜா, இன்சர்ட், கேஜ், டிராயிங் எல்லாம் ஒரு டிராலியில் மெஷின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 70 நிமிடம் 40 ஆகும். மூன்று செட்டிங்குக்கு ஒரு நாளில் 90 நிமிடம் மிச்சம். ஒரு பீஸுக்கு மூன்று நிமிடம் என்றால் 30 பீஸ் கூடுதல்.

குவாலிட்டியின் 15 நிமிடத்தை இப்போது தொடாதீர்கள். அது வேறொரு டிபார்ட்மென்ட். அவர்களுக்கு எத்தனை மெஷின், எத்தனை ஆள் என்று உங்களுக்குத் தெரியாது. புதுசாக வந்தவர் ரிவ்யூ மீட்டிங்கில் 'குவாலிட்டியால லேட்' என்று ஒரு ஸ்லைடு போட்டால், அந்த ஸ்லைடு வருஷக்கணக்கில் துரத்தும்.

டிராலிக்கும் ஆள் வேண்டும். அதை நிரப்பப்போவது டூல் ரூம் அண்ணன். அவரிடம் ஆர்டர் போடாமல், 'அடுத்த பார்ட் என்னன்னு எத்தனை மணிக்குச் சொன்னா உங்களுக்கு வசதி?' என்று கேளுங்கள். பிளான் தனக்கு லேட்டாக வருகிறது என்பதே அவருடைய குறையாக இருக்கலாம். அதைச் சரிசெய்து கொடுத்தால் டிராலி தானாக நிரம்பும். உறவு என்று நான் சொல்வது இதைத்தான், டீம் லஞ்ச்சை இல்லை.

யாருக்கு நஷ்டம்?

புதியவர்கள் கேட்காமல் விடும் கேள்வி இது. செட்டிங் நேரம் குறைந்தால் அடுத்த மாதம் டார்கெட் ஏறுமா? இன்சென்டிவ் கணக்கு மாறுமா? ஓவர்டைம் போகுமா? ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வாடகை கட்டும் ஒருவரின் மாச பட்ஜெட்டில் அந்தப் பணமும் சேர்ந்திருக்கும். உங்கள் 90 நிமிட வெற்றி அவருக்குச் சம்பளக் குறைப்பாக இருந்தால், அவர் ஒத்துழைக்காததைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம்.

அதனால் டிராலியைத் தொடங்கும் முன் மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்: 'சார், மிச்சமாகிற நேரத்துல டார்கெட்டை ஏத்துவீங்களா?' பதில் வழவழவென்று இருந்தால், ஆபரேட்டருக்கு நிச்சயம் லாபமான வேறொன்றை முதலில் எடுங்கள். மெஷின் பக்கத்தில் வெளிச்சம், கூலன்ட் கசியும் தரை, கனமான சக்கைத் தூக்க ஒரு ஹாய்ஸ்ட். ரிப்போர்ட்டில் பெரிய எண் வராது. பரவாயில்லை.

பேப்பரில் மட்டும் ஓடுதா?

மூன்றாம் மாதம் செக் பண்ணும் மாதம். நீங்கள் இருக்கும் ஷிஃப்ட்டில் 40 நிமிடம், நைட் ஷிஃப்ட்டில் பழையபடி 70 என்றால் மாற்றம் இன்னும் வரவில்லை. உங்களுக்காகச் செய்கிறார்கள். ஷீட்டில் எல்லா நேரமும் 40, 40, 40 என்று ஒரே கையெழுத்தில் இருந்தால், ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து நிரப்பியது. நிஜ எண்கள் 37, 52, 41 என்று ஏறி இறங்கும். ஒருமுறை நைட் ஷிஃப்ட் போய்ப் பாருங்கள். வெளி மாநில கான்ட்ராக்ட் பசங்க அதிகம் என்றால், டிராலியில் ஒட்டிய தமிழ் லிஸ்ட்டை அவர்களால் படிக்க முடியவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். படம் போட்டு ஒட்டலாம்.

இந்த 90 நாள் வெறும் மேனேஜ்மென்ட் ஃபேஷன் இல்லை. 1946-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் மாதிரி நிலையாணைகளே மூன்று மாதம் முடிக்காத தொழிலாளரைத்தான் தகுதிகாண் பணியாளர் என்றன. இன்ஜினீயர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் என்றும் இருக்கும், அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் பாருங்கள். எப்படியோ, ரிவ்யூவுக்கு ஒரே ஒரு பக்கம் கொண்டுபோனால் போதும். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, நைட் ஷிஃப்ட்டில் எவ்வளவு, யார் யார் செய்தது. டூல் ரூம் அண்ணன் பெயர் மேலே இருக்கட்டும். கீழே மிச்சமிருக்கும் அந்த 15 நிமிடத்தை எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் குவாலிட்டி இன்சார்ஜோடு ஒரு டீ குடித்து, 'சார், இதை எழுதலாமா?' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.