"ஒரு குவாட்டர் போட்டாத்தான் டென்சன் குறையுது டாக்டர்"

"நான் குடிகாரன் எல்லாம் இல்ல டாக்டர். கடைய மூடிட்டு வந்தா ஒரு குவாட்டர். டென்சன் குறையும். சாப்ட்டு படுத்துருவேன். யாருக்கும் எந்த தொந்தரவும் இல்ல."

இதைச் சொல்பவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. வேலைக்குப் போகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். ரோட்டோரம் வேட்டி அவிழ்ந்து கிடப்பவரைப் பார்த்து "நான் அப்படியா இருக்கேன்?" என்று கேட்டால் நியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் அளவுகோல் தப்பு உறவுகளே. ரோட்டில் கிடப்பவரோடு உங்களை ஒப்பிட்டால் நீங்கள் எப்போதுமே பாஸ்தான். பார்க்க வேண்டியது வேறு ஒன்று. தினமும் சாயங்காலம் அந்த குவாட்டர் குறைக்கிறதே ஒரு டென்சன், அது எங்கிருந்து வருகிறது?

சில வருடங்கள் தினமும் குடித்தவருக்கு அந்த டென்சனில் பெரும்பங்கு நேற்று ராத்திரி குடித்த குவாட்டரில் இருந்து வருகிறது. இதைத்தான் இந்தப் பதிவில் விளக்கப் போகிறேன்.

முதலில் ஒரு குவாட்டரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பாட்டிலில் 42.8% என்று போட்டிருக்கும். 180 மில்லியில் கிட்டத்தட்ட 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளில் 10 கிராம் ஆல்கஹாலை ஒரு டிரிங்க் என்று கணக்கு வைப்பார்கள். அப்படியானால் "ஒன்னே ஒன்னு"தான் என்று நீங்கள் சொல்லும் குவாட்டர் ஆறு டிரிங்க். "பீர்தானே" என்பவர்களுக்கும் சொல்கிறேன். 8% ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நாலு டிரிங்க்.

நம்ம கல்லீரல் மணிக்கு சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலை எரிக்கும். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி ஒன்பதரைக்குக் குடித்து முடித்தால் அது முழுசாக இறங்க விடிகாலை ஆகிவிடும். இந்த நேரக் கணக்கை ஞாபகம் வச்சுக்கங்க.

மூளைக்கு பிரேக்கும் உண்டு, ஆக்சிலேட்டரும் உண்டு. காபா என்ற ரசாயனம் பிரேக். குளுட்டமேட் ஆக்சிலேட்டர். ஆல்கஹால் பிரேக்கை அழுத்தி, ஆக்சிலேட்டரைத் தளர்த்தும். அதனால்தான் முதல் பெக்கில் தோள்பட்டை இறங்குகிறது, பேச்சு சுலபமாகிறது. இது நிஜமான நிம்மதிதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மூளை சும்மா இருக்காது. தினமும் ஒன்பது மணிக்கு ஒருத்தர் வந்து பிரேக்கை மிதிக்கிறார் என்று தெரிந்துவிட்டால், அது தன் சொந்த பிரேக்கை லூஸ் பண்ணிவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கி வைத்துக்கொள்ளும். ஆல்கஹால் இறங்கியதும் அந்த முறுக்கல் மட்டும் மிஞ்சும். விடிகாலை மூணு மணிக்கு படக்கென்று முழிப்பு, நெஞ்சு படபடப்பு, கழுத்தில் வேர்வை. பகலில் காரணமில்லாத எரிச்சல், சின்னச் சத்தத்துக்கும் கோபம். சாயங்காலம் ஆக ஆக உள்ளுக்குள்ளே ஏதோ இழுக்கும். "இன்னிக்கு வேலை ஜாஸ்தி, அதான்" என்று நாமும் நினைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு குவாட்டர். அப்பாடா.

அந்த "அப்பாடா"வை நம்பித்தான் பல பேர் பத்து வருசம் ஓட்டியிருக்கிறார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வயது 44. டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். என்னிடம் அவர் குடிக்காக வரவில்லை, தூக்க மாத்திரை கேட்டு வந்தார். மூணு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லையாம். பிரஷர் 152/96. ஏற்கனவே ஒரு இடத்தில் பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "குடிப்பீங்களா?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. (குடிக்கும் ஆளுக்கு தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சே அமுங்கிப் போகலாம். கேட்காமல் எழுதுவது சரியில்லை, இதை என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.)

நான் கேட்டேன். அஞ்சு வருசம் முன்னாடி சனிக்கிழமை மட்டும் ஒரு கட்டிங். லாக்டவுனுக்குப் பிறகு தினமும் கட்டிங். அது பத்தாமல் ரெண்டு வருடமாக தினமும் குவாட்டர்.

"அளவு ஏன் கூடுச்சுண்ணே?"

"தொண்ணூறுல ஒன்னும் தெரிய மாட்டேங்குது சார்."

அவருக்குக் குடிப்பழக்கம் கைவந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூளை ஆக்சிலேட்டரை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டது என்று அர்த்தம். பழைய நிம்மதி அதே தான், விலை மட்டும் ரெண்டு மடங்கு.

உடனே அவர் தன் துருப்புச்சீட்டை எடுத்தார். "சார், வருசா வருசம் மலைக்கு மாலை போடுறேன். 48 நாள் தொட மாட்டேன். அடிமையா இருந்தா முடியுமா?"

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் திருப்பிக் கேட்டேன். மாலை போட்ட முதல் நாலு நாள் எப்படி இருந்துச்சு?

யோசித்தார். முதல் ரெண்டு ராத்திரி தூக்கமில்லை. கை லேசாக நடுங்கியது, டம்ளர் பிடித்தால் தெரிந்தது. விரதம், குளிர்ந்த தண்ணி குளியல், அதனால் என்று நினைத்தாராம். கடைப் பையனிடம் எரிந்து விழுந்திருக்கிறார். அஞ்சாறு நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் விடியும் வரை தூக்கம். "அந்த மாசம் நல்லாத்தான் சார் இருக்கும். சாமி அருள்."

சாமி அருள் இருக்கட்டும், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். கடையில் அதே வியாபாரம், அதே கடன், அதே கஸ்டமர். டென்சன் தரும் ஒரு சமாச்சாரமும் மாறவில்லை. மாறியது குவாட்டர் மட்டும். டென்சனுக்கு மருந்து என்று எதைக் குடித்தாரோ, அதை நிறுத்திய மாதத்தில்தான் டென்சன் இல்லாமல் இருந்திருக்கிறார். அந்த முதல் நாலு நாள் நடுக்கம் இருக்கிறதே, அதுதான் சார்பு நிலை. 48 நாள் தாக்குப்பிடித்தது அவருடைய மன உறுதியைக் காட்டுகிறது. மாலையைக் கழற்றிய அன்றே ஒரு குவாட்டர் வாங்கியதும், அது தாங்காமல் வாந்தி எடுத்ததும், அதற்கடுத்த வாரமே பழைய கணக்குக்குத் திரும்பியதும் மீதியைக் காட்டுகிறது.

"லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல் சார்" என்றும் சொல்வார்கள். கல்லீரல் நார்மலாக இருப்பது சந்தோசம். இங்கே மாட்டியிருப்பது மூளை. அதை அந்த ரிப்போர்ட்டில் தேட முடியாது.

எப்போது நிம்மதி சார்பாக மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. நாளை அக்டோபர் 2, கடை லீவு. இன்றைக்கே ஒன்று வாங்கி வீட்டில் எடுத்து வைத்துவிடுகிறீர்களா? பத்து மணிக்கு கடை மூடிவிடும் என்று மகளின் ஸ்கூல் விழாவில் பாதியில் வாட்ச் பார்த்திருக்கிறீர்களா? குடிக்காத ஒரு நாள் நிம்மதியை விட பதட்டம்தான் அதிகம் தருகிறது என்றால், கோடு எப்போதோ தாண்டியாகிவிட்டது. அளவு கட்டிங்காக இருந்தாலும் சரி.

தம் அடிப்பவர்கள் "நமக்கில்ல" என்று ஒதுங்க வேண்டாம். இதே கதை உங்களிடம் இன்னும் வேகமாக ஓடுகிறது. நிக்கோட்டின் இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போகும், சுமார் ரெண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். மதியம் ரெண்டு மணிக்கு ஒரு தம், அப்புறம் ஆபீசில் வெளியே போக முடியவில்லை. அஞ்சரைக்கு மேனேஜர் வாயைத் திறந்தாலே கடுப்பு. ஆறரைக்கு டீக்கடையில் ஒன்று பற்ற வைத்ததும் உலகமே சாந்தம். மேனேஜர் கொடுத்த டென்சனில் பாதி நிக்கோட்டின் இறங்கியதால் வந்தது. சிகரெட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், முதல் சில வாரம் கஷ்டப்பட்ட பிறகு பதட்டமும் மனச்சோர்வும் தொடர்ந்து பிடித்தவர்களை விடக் குறைவாகவே இருந்திருக்கிறது. புகையிலை பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று இலவச நம்பர் போட்டிருக்கும். படத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் நேரத்தில் அதைக் கூப்பிடலாம்.

இப்போது முக்கியமான விசயம். இதைப் படித்துவிட்டு வீராப்பாக நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்துகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். சிகரெட்டை அப்படி நிறுத்தலாம், உயிருக்கு ஆபத்தில்லை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூணாம் நாள் வாக்கில் குழப்பம், இல்லாத ஆள் தெரிவது, பூச்சி ஊர்வது போல் தோன்றுவது, காய்ச்சல் என்று போனால் அது எமர்ஜென்சி, உயிரே போகும். ஏற்கனவே வலிப்பு வந்தவர், காலையில் கை நடுக்கத்துக்காகவே குடிப்பவர், குவாட்டருக்கு மேல் போனவர், இவர்களெல்லாம் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

நம்ம ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணனுக்கு வலிப்போ காலைக் குடியோ இல்லை. வீட்டில் மனைவி கூட இருந்தார். அதனால் வெளிநோயாளியாகவே பார்த்தோம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரை ஒரு வாரம், நாளுக்கு நாள் குறைத்து. கூடவே பி1 வைட்டமின். முதல் அஞ்சு நாளும் தினமும் வந்து பிரஷரும் நாடியும் பார்த்துவிட்டுப் போனார். ஆறாவது வாரம் பிரஷர் 134/86. தூக்க மாத்திரை நான் எழுதவே இல்லை. மூணாவது மாசம் ஒரு கல்யாண வீட்டில் ரெண்டு பெக் போட்டுவிட்டு மறுநாளே வந்து சொன்னார். திட்டவில்லை. ஆசையைக் குறைக்கும் மாத்திரை ஒன்று ஆரம்பித்தோம், இப்போதும் வருகிறார்.

கடைசியாக அம்மாக்களுக்கும் மனைவிமார்களுக்கும். "அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்குற மருந்து" என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை அதில் இருந்தால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது பிரஷர் சடாரென்று இறங்கி நெஞ்சு வலி வரை போகலாம். அந்த மாத்திரையை எடுப்பவருக்கு அதைப் பற்றி முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும், அவர் சம்மதித்திருக்க வேண்டும். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். குடிக்காக வர மாட்டேன் என்றால், தூக்கம் வரலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க. மீதியை நாங்க கேட்டுக்கிறோம்.