சுவரில் படாத ஒளி

தீபாவளி நெருங்கும் வாரத்தில் வீட்டு முகப்புப் படங்கள் வாழ்த்தட்டைகளாக உலவத் தொடங்கிவிடுகின்றன. பகலில் எடுத்த படம் இருட்டாக்கப்பட்டிருக்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் சீரியல் விளக்குகள் தொங்கும். வாசற்படியில் அகல்கள் எரியும். விளக்குகள் அனைத்தும் பின்னர் வரைந்து சேர்க்கப்பட்டவை. இதைக் கண்டிப்போர் 'போலி' என்கின்றனர். ஆதரிப்போர் 'வெறும் வாழ்த்துத்தானே' என்கின்றனர். இவ்விரு தரப்பினரும் படத்தை உற்றுநோக்குவதில்லை என்பதே உண்மை.

விளக்கு என்பது எரியும் புள்ளி மட்டுமன்று. அது எதன்மேல் படுகிறதோ அதையும் மாற்றுகிறது. பெரும்பாலான வாழ்த்துப் படங்களில் ஒளி எதன்மேலும் படுவதில்லை. அகலின் சுடர் படியில் ஒட்டப்பட்டிருக்கும்; அதற்கு ஒரு சாண் தொலைவிலுள்ள நிலைக்கால் கருத்தே கிடக்கும். சுடரைச் சுற்றி மஞ்சள் வட்டம் ஒன்று பூசப்பட்டிருக்கும். அதனடியில் செங்கல்லின் சொரசொரப்பு மறைந்து, சுவர்மேல் பனி படிந்ததுபோல் தோன்றும்.

செய்யத் தெரிந்தவர் வேறு வழியில் செய்வர். கதிரவன் மறைந்தபின், வானில் நீலம் எஞ்சியிருக்கும் கால் மணி நேரத்தில் படமெடுப்பர். நண்பகல் படம் இதற்கு உதவாது. மாடியின் கீழ் விழுந்த கூர்நிழலை எவ்வளவு இருட்டாக்கினாலும் அது வெயிலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜிம்ப் போன்ற மென்பொருளில் அப்படத்தை இரண்டு அடுக்குகளாக வைத்து, கீழடுக்கை இருட்டாக்குவர். மேலடுக்கை வெளிச்சமாகவே விட்டு, சற்றே செம்மஞ்சள் ஏற்றி, கரிய மறைப்பால் முழுவதும் மூடுவர். பின்னர் விளக்கு இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் அம்மறைப்பை மென்மையாக அழிப்பர். அப்போது வெளிப்படுவது பூசிய வண்ணமன்று, வீட்டின் சொந்தச் சுவர். செங்கல்லும் விரிசலும் அதிலேயே இருக்கும். தொலைவு இருமடங்கானால் ஒளி கால் பங்காகும் என்பதால், விளக்கை விட்டு விலகும்போது அந்த அழிப்பு விரைந்து குறைய வேண்டும். சுடரும் அதன் சிறு ஒளிவட்டமும் மட்டுமே தனி அடுக்கில், Screen முறையில் சேரும். சுடரின் நடுப்பகுதி மஞ்சளாக இராது. ஒளிப்படக் கருவிக்கு அது ஏறத்தாழ வெண்மையே.

சீரியல் விளக்குக்குத் தமிழும் இந்தியும் இட்ட பெயர்களை இங்கே நினைக்கலாம். தமிழ்ப் பேச்சு மின்சுற்றைப் பார்த்தது. பல்புகள் தொடரிணைப்பில் இருந்தமையால் 'சீரியல்' என்றது. இந்தி தொங்கலைப் பார்த்தது; துணியின் ஓரக்குஞ்சத்திற்குரிய 'ஜாலர்' என்ற சொல்லையே இதற்கும் வைத்தது. வரைபவர் இந்தியின் பக்கம் நிற்பது நல்லது. சரம் தன் எடையால் நடுவில் தாழும். அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோட்டில் அது தொங்குவதில்லை.

இத்தனையும் கைத்திறன். வாதத்திற்குரிய இடம் வேறு. தில்லியில் பொதுச்சுவர் கொண்ட வீடுகளுள் ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்வோம். சட்டகத்தின் இடப்பக்கக் கால் பகுதியில் அண்டை வீடும் தெரிகிறது. அங்கே அவ்வாண்டு ஒரு மரணம். ஆண்டு நிறையும்வரை பண்டிகை இல்லை. சரம் பாதியில் நின்றால் அழகாக இல்லையென்று, திருத்துபவர் அதை அண்டை வீட்டு மாடிவரை நீட்டிவிடுகிறார். கீழே 'இன்றிரவு எங்கள் தெரு' என்றும் எழுதுகிறார். 'தீபாவளி நல்வாழ்த்துகள்' என்பது விருப்பம். அதை மெய் என்றோ பொய் என்றோ சொல்ல முடியாது. 'இன்றிரவு', 'எங்கள் தெரு' ஆகிய சுட்டுகள் சேர்ந்த கணத்தில் அது செய்தியாகிவிடுகிறது. இனி அப்படத்தைக் காணும் தூரத்து உறவினருக்கு, துக்க வீட்டில் விளக்கு எரிந்தது என்பதே தகவல். 'வெறும் வாழ்த்து' என்னும் வாதம் இங்கே செல்லாது.

சொற்கள் படத்தை எங்கே கொண்டுபோகும் என்பதற்குச் சான்று உண்டு. 'தீபாவளி இரவில் இந்தியா' என்று ஆண்டுதோறும் சுற்றும் வண்ணமயமான செயற்கைக்கோள் படம் எந்தத் தீபாவளியையும் காட்டுவதன்று. பல ஆண்டுகளின் இரவொளித் தரவுகளை இணைத்து 2003-இல் உருவாக்கப்பட்ட அதில், நிறங்கள் குறிப்பவை விளக்குகள் புதிதாகத் தோன்றிய காலங்களையே. 2012 நவம்பரில் நாசா உண்மையான இரவுப் படத்தை வெளியிட்டு, பண்டிகையால் கூடும் வெளிச்சம் விண்ணிலிருந்து புலப்படாத அளவு மெல்லியது என விளக்கியது. பழைய படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தலைப்பைப் பிரித்தெடுக்க எவராலும் இயலவில்லை.

ஆகவே தில்லிப் படத்தில் அண்டை வீட்டை வெட்டி நீக்கலாம். அல்லது இருட்டாகவே விடலாம். விடுவதாயின், பொதுச்சுவரின் விளிம்பில் இப்பக்க அகலின் ஒளி விரற்கடை அகலத்திற்கு மங்கலாகக் கசிய வேண்டும். உண்மையில் எரிந்திருந்தாலும் அவ்வளவுதான் கசிந்திருக்கும்.