பொட்டலத்தின் மேல் எழுதப்படும் முகவரி

தானியமாக விற்காதீர்கள், மாவாக்கி விற்றுப் பாருங்கள். இடைத்தரகரைத் தவிர்த்து நேரே வீடுகளுக்குக் கொண்டு செல்லுங்கள். சிறு விவசாயிகளுக்கான பயிற்சி முகாம்களில் இந்த அறிவுரை தவறாமல் ஒலிக்கிறது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அது சாதியற்ற ஒரு சந்தையைக் கற்பனை செய்துகொண்டு சொல்லப்படுகிறது. ஒரு தலித் பெண்கள் குழு கேழ்வரகை முளைகட்டி மாவாக்கி விற்க முனையும்போது எங்கே லாபம் வருகிறது, எங்கே அது கசிகிறது என்பதைக் கணக்கோடு பார்ப்பது பயனுள்ளது.

முதலில் ஒரு சட்ட நுணுக்கம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, விவசாயியின் கையில் இருக்கும் விளைபொருளை அதன் இயற்கை வடிவில் ‘உணவு’ என்று கருதுவதில்லை. களத்திலிருந்து மூட்டையாக வெளியேறும் கேழ்வரகுக்குப் பதிவு வேண்டாம், பெயரும் வேண்டாம். அதையே அரைத்துப் பொட்டலமிட்டால் சிறு உற்பத்தியாளராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண், எடை, தயாரித்த நாள், விலை ஆகியவற்றுடன் தயாரிப்பாளரின் பெயரையும் முழு முகவரியையும் உறையில் அச்சிட வேண்டும். நுகர்வோரின் பாதுகாப்புக்கு இது தேவையான விதிதான்.

சாதியும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் விழித்துக்கொள்கிறது. தரகரின் எடைத்தராசில் விழும் தானியம் யார் நிலத்தில் விளைந்தது என்று வாங்கும் வீடு கேட்பதில்லை. மாவு என்றால் யார் அரைத்தது என்ற கேள்வி எழுகிறது. ஊறுகாய் என்றால் யார் கை பட்டது என்றே கேட்கப்படுகிறது. பதனிடும் ஒவ்வொரு படியிலும் பொருளின் விலை ஏறுகிறது. கூடவே செய்தவரின் கையும் வெளியே தெரிகிறது. ‘அம்பேத்கர் நகர்’, ‘ஆதிதிராவிடர் காலனி’ என்ற முகவரியை உறையில் படித்தபின் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். சொல் போனாலும், எந்தத் தெரு யாருடையது என்பது சுற்றுவட்டாரத்துக்குத் தெரியும்.

இது மிகையான அச்சமன்று. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியொன்றின் சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்ததை இத்தளத்தின் வாசகர்கள் அறிவார்கள். அரசு ஊதியம் பெறும் ஒருவரின் சமையலுக்கே அந்த நிலையென்றால், வீட்டு வாசலில் பொட்டலத்துடன் நிற்பவரின் நிலையை ஊகிக்கலாம்.

இப்போது கணக்கு. தர்மபுரிப் பக்கம் மூன்று பெண்கள் சேர்ந்து 100 கிலோ கேழ்வரகை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். களத்திலேயே விற்றால் கிலோவுக்கு 38 ரூபாய் வீதம் 3,800 ரூபாய் கிடைத்திருக்கும். கல், தூசி போக 96 கிலோ தேறும். அதை ஓரிரவு ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் முளைவிட்டு, காயவைத்து, முளைவேரைத் தேய்த்து நீக்கினால் 88 கிலோ ஆகும். இளஞ்சூட்டில் வறுத்து அரைத்துச் சலித்தால் 85 கிலோ மாவு. அரைக்கிலோ பொட்டலம் 55 ரூபாய் வீதம் 170 பொட்டலங்களும் விற்றால் 9,350 ரூபாய். அரைவைக்கூலி 880, உறையும் அச்சும் 850, விறகு 300, போக்குவரத்து 700 எனச் செலவு 2,730. மிஞ்சுவது 6,620.

தானியமாக விற்றிருந்தால் வந்திருக்கும் தொகையைக் கழித்தால் கூடுதல் வருமானம் 2,820 ரூபாய். மூவரும் நான்கு நாள் உழைத்திருந்தால் 12 ஆள்நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 235 ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ஊதியம் 336 ரூபாய். 30 பொட்டலங்கள் விற்காமல் திரும்பிவிட்டால் வருமானத்தில் 1,650 ரூபாய் குறையும். நாள்கூலி 98 ரூபாய்க்குச் சரியும். பயிற்சி முகாம்களில் காட்டப்படும் ‘38 ரூபாய்த் தானியம் 110 ரூபாய் மாவு’ என்ற கணக்கு, கடைசிப் பொட்டலமும் விற்றுத் தீரும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்தக் கடைசி முப்பது பொட்டலங்களில்தான் சாதி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

தரத்திலும் இடவசதி குறுக்கிடுகிறது. முளைகட்டிய தானியம் ஒரே சீராக, விரைவாகக் காய வேண்டும். சொந்தக் களம் இல்லாத குடியிருப்பில் அது தார்ச்சாலையிலோ கூரையோரத்திலோ காய்கிறது. சாலையில் காய்ந்ததில் மணல் சேரும். அரைகுறையாகக் காய்ந்தது அரைத்த சில நாளிலேயே கட்டிதட்டிப் பூஞ்சை வாடை அடிக்கும். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். அரைத்த சூடு ஆறும் முன் உறையிட்டாலும் உள்ளே வியர்த்து அதே கேடு வரும். வாங்கியவர் ‘சுத்தமில்லை’ என்று சொல்லும்போது, களம் மறுக்கப்பட்டதன் விளைவு சாதியின் இயல்பாகத் திரித்துப் படிக்கப்படுகிறது. ஆகவே கட்டடம், இயந்திரம் ஆகியவற்றுக்கு முன்பாக இக்குழுக்கள் கேட்க வேண்டியது குடியிருப்புக்குள்ளேயே ஒரு சிமெண்டு உலர்களம்.

எந்தத் தானியம் என்பதும் முக்கியம். கேழ்வரகில் கொழுப்பு குறைவு. நன்கு காய்ந்த மாவு இரண்டு மாதம் தாங்கும். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த ஒன்றிரண்டு வாரத்தில் கசந்து காறலடிக்கத் தொடங்கிவிடும். கம்பைத் தானியமாகவே வைத்திருந்து, கேட்பு வந்தபின் அரைப்பதே நல்லது.

ஊறுகாய்க்குப் பதிலாக ஊறுகாய்ப் பொடி விற்பது பரவிவருவதை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். மிளகாய், கடுகு, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம், உப்பு ஆகியவற்றை வறுத்துப் பொடித்த கலவை அது. ஈரமில்லாததால் கெடாது, எண்ணெய்ச் செலவும் இல்லை. மாங்காயையும் எண்ணெயையும் வாங்கும் வீடே சேர்த்துக்கொள்ளும். வணிக நோக்கில் இது புத்திசாலித்தனம்தான். ஆனால் ‘சமைத்தது’ என்ற எல்லையைத் தொடாமல் நிற்பதாலும் அது சில வாசல்களுக்குள் நுழைகிறது. அந்த ஒதுக்கத்துக்கு வாடிக்கையாளரின் சௌகரியம் என்று பெயரிடுவது நேர்மையாகாது.

முகவரியை மறைப்பதா, காட்டுவதா? நகரத்திலுள்ள கூட்டமைப்பின் பெயரில் பொட்டலமிட்டால் விற்பனை எளிதாகும். லாபத்தில் ஒரு பங்கும் பெயரும் அங்கே போய்விடும். எதிர்த்திசையில் ஒரு முன்னுதாரணமும் உண்டு. தலித் முதலாளித்துவம் பற்றி எழுதிவரும் சந்திரபான் பிரசாத் 2016இல் ‘தலித் ஃபுட்ஸ்’ என்ற வெளிப்படையான பெயரிலேயே ஊறுகாயையும் மசாலாப் பொடிகளையும் இணையவழி விற்க முன்வந்தார். நகரத்து, இணையவழி வாடிக்கையாளரை நோக்கி அப்படி நிற்க முடியும். பக்கத்துத் தெருவில் கூலி வேலையும் பார்த்துக்கொண்டு அதே தெருவில் மாவும் விற்க வேண்டியவருக்கு அந்தத் துணிவின் விலை வேறு.

சட்டத்தின் துணையும் ஓரளவுதான். 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியுள்ளது. ஊர் கூடி ‘அவர்களிடம் வாங்காதே’ என்று கட்டளையிட்டாலோ, மாவு மில்காரர் சாதியைச் சொல்லி அரைக்க மறுத்தாலோ வழக்குத் தொடுக்க இடமுண்டு. ஒவ்வொரு வீடும் தனித்தனியே ‘இப்போது வேண்டாம்மா’ என்று சொல்லிக் கதவைச் சாத்துவதை எந்தக் காவல் நிலையத்தில் பதிவது?

ஆகவே அரசு இங்கே வாடிக்கையாளராக வர வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகள், அங்கன்வாடிகள், அரசு மருத்துவமனைச் சமையற்கூடங்கள் ஆகியவை மாதந்தோறும் இத்தனை கிலோ என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதியளித்தால், 170 பொட்டலங்களில் நூறு அரைக்கும் முன்பே விற்றுவிடும். மீதி எழுபதை நகர வீடுகளுக்கு வாரக் கேட்பின்படி அரைத்துத் தரலாம். உறையில் முகவரி உள்ளபடியே இருக்கட்டும்.