1,800 ரூபாய்க்கு ஒரு கார்

2026 பிப்ரவரியில் மத்திய நேரடி வரிகள் வாரியம் புதிய வருமான வரி விதிகளின் வரைவை வெளியிட்டதும் எழுந்த ஓலம் இன்னும் காதில் ரீங்கரிக்கிறது. நிறுவனம் கொடுத்த காரை அலுவலுக்கும் சொந்த வேலைக்கும் கலந்து ஓட்டுபவரின் சம்பளத்தில், அந்த வசதிக்காகச் சேர்க்கப்படும் தொகை மாதம் 1,800 ரூபாயிலிருந்து 5,000 ஆகுமாம். எஞ்சின் 1.6 லிட்டருக்கு மேல் இருந்தால் 2,400 என்பது 7,000. டிரைவருக்கு 900 என்பது 3,000. ‘நடுத்தர வர்க்கத்தின் வயிற்றில் அடி’ என்று வரி ஆலோசகர்கள் புலம்புகிறார்கள். கம்பெனி காரில் போகிறவர் எந்த நடுத்தரம் என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஏற்காட்டை ஒட்டிய செம்மநத்தம் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் விஷயம் துலங்கும். காபித் தோட்ட மேனேஜருக்கு வண்டி ஆடம்பரம் அல்ல. பங்களாவிலிருந்து தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து பழம் உரிக்கும் கொட்டகைக்கு, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலத்து வங்கிக்கு என்று நாள் முழுக்க ஓட்டம்தான். அதே வண்டியில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தைச் சாமானும் வருகிறது. அலுவல் எங்கே முடிந்து வீடு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத வண்டி அது. வருமான வரி விதி ஒரு மொத்தத் தொகையைக் கட்டி வைத்திருப்பதற்குக் காரணமே இந்தக் கலப்புதான்.

கணக்குக்காக இரண்டு மேனேஜர்களை வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ஒரே அளவு சம்பளம், இருவருமே 24 லட்சத்துக்கு மேல் போய் 30 சதவீத வரிப் படியில் நிற்பவர்கள். முதலாமவருக்குச் சிறிய எஞ்சின் கார் ஒன்றை நிறுவனம் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது. வாடகையும் பெட்ரோலுமாக மாதம் 32,000 ரூபாய், வருடத்துக்கு 3,84,000. இதையே சம்பளமாகக் கொடுத்திருந்தால், செஸ்ஸும் சேர்த்து 1,19,808 ரூபாய் வரி போயிருக்கும். காராகக் கொடுத்ததால், பழைய 1,800 கணக்கில் வருடத்துக்கு 21,600 ரூபாய்தான் வருமானத்தில் சேர்கிறது, அதற்கு வரி 6,739. மிச்சம் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம்.

இரண்டாமவர் சொந்தக் கடனில் சொந்தக் கார் வாங்கினார். ஓட்டும் செலவுக்கு நிறுவனம் மாதம் 15,000 ரூபாயை பில் பார்த்துத் திருப்பித் தருகிறது. இங்கேயும் அதே 1,800 வருகிறது, ஆனால் தலைகீழாக. முதலாமவருக்கு வரி விழுவது 1,800க்கு மட்டும். இவருக்கு வரி விழாதது 1,800க்கு மட்டும். மீதி 13,200 ரூபாய் மாதாமாதம் சம்பளத்தோடு சேர்கிறது. வருடத்துக்கு 49,000 ரூபாய்க்கு மேல் வரி. அதற்கு மேல் விலக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எல்லாம் எழுதி வைத்து, அது அலுவல் செலவுதான் என்று நிறுவனத்திடம் சான்றும் வாங்க வேண்டும். பில்லே கேட்காமல் ‘கார் அலவன்ஸ்’ என்று ரொக்கமாகக் கொடுத்தால் அந்த 1,800 கூட மிஞ்சாது. கடன் வாங்கி, தேய்மானத்தைச் சுமந்து, டயர் மாற்றுகிறவருக்கு இந்த மரியாதை.

புதிய வரைவுப்படி முதலாமவருக்குக் கூடும் சுமை எவ்வளவு தெரியுமா? மாதம் ஆயிரம் ரூபாய். அப்போதும் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அவருக்கு மிச்சம்தான். இதற்குத்தான் இத்தனை ஒப்பாரி.

1,800 என்ற எண் 2009இல் வைத்தது. அன்று சென்னையில் பெட்ரோல் லிட்டர் 50 ரூபாய்க்கும் குறைவாக இருந்தது. இன்று நூறைத் தாண்டிவிட்டது. பதினேழு வருடம் ஒரு நிதியமைச்சருக்கும் இந்த எண் உறுத்தவில்லை. ஜெர்மனியில் இந்தக் குழப்பமே கிடையாது: காரின் பட்டியல் விலையில் மாதம் ஒரு சதவீதத்தை வருமானத்தில் சேர்ப்பதுதான் அங்கே அடிப்படை விதி. பத்து லட்சம் விலையுள்ள கார் என்றால் மாதம் 10,000. ஐம்பது லட்சத்துக் கார் என்றால் 50,000. நம் விதி விலையைத் திரும்பியும் பார்ப்பதில்லை, எஞ்சினை மட்டும் அளக்கிறது. விளைவைப் பாருங்கள். ஐம்பது லட்சத்தை ஒட்டிய பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 பெட்ரோல் கார் 1.5 லிட்டர், ஆகவே அது ‘சிறிய’ கார். மழைக்காலச் சேற்றில் தோட்டத்துப் பாதையில் ஏற வாங்கிய 2.2 லிட்டர் டீசல் தார் நான்கு சக்கர இழுவை வண்டி, விலை அதில் பாதிகூட இல்லை. அது ‘பெரிய’ கார். நகரத்து அதிகாரியின் சொகுசுக்குக் குறைந்த வரி, மலைமேல் உழைக்கும் வண்டிக்குக் கூடுதல் வரி. வரைவு இந்த அபத்தத்தைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறது.

இந்த மிச்சம் எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. தோட்டத்தில் வருடம் ஒன்பது லட்சம் வாங்கும் ஃபீல்டு ஆபீசரிடம் மனிதவளத் துறையினர் ‘கார் ஸ்கீம்’ தாளை நீட்டுவார்கள். புதிய வரி முறையில் சம்பளக்காரர் 12,75,000 வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது? அவர் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் குத்தகை வாடகையில் குத்தகைக்காரரின் லாபமும் ஜி.எஸ்.டி.யும் ஏறி உட்காரும், பாதியில் வேலையை விட்டால் ஒப்பந்தத்தை முறிக்கும் தொகையும் அவர் தலையில்தான். செஸ்ஸோடு 29 சதவீதமாக இருந்த சிறிய பெட்ரோல் கார்களின் வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஆறு லட்சத்துக் கார் ஐந்தரை லட்சத்துக்கு அருகே வந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொந்தமாக வாங்கலாம்.

மேல்படியில் இருப்பவருக்கும் கடைசியில் ஒரு பள்ளம் உண்டு. கம்பெனி தன் பெயரில் வாங்கிய காரை நாலு வருடம் கழித்து அவருக்கே மலிவாகக் கொடுக்கும். அதில் மகிழ்ந்து கையெழுத்துப் போடுபவர்கள் விதியைப் படிப்பதில்லை. முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் அப்போதைய மதிப்பில் 20 சதவீதம் கழித்துக்கொண்டே வர வேண்டும். பத்து லட்சத்துக் கார் நாலு வருடத்தில் 4,09,600க்கு வந்து நிற்கும். அதை ஒன்றரை லட்சத்துக்குக் கொடுத்தால் வித்தியாசம் 2,59,600 அந்த வருடச் சம்பளத்தில் சேர்ந்து, 81,000 ரூபாய் வரி கேட்கும். ஓலமிடும் ஆலோசகர்கள் இதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

ஆகவே வரைவைத் திரும்பப் பெறுவதற்குப் பதிலாக அதைக் கிழித்துவிட்டு ஜெர்மன் வழியில் எழுதலாம். விலையில் மாதம் ஒரு சதவீதம். சொந்தக் காரில் அலுவல் பார்ப்பவருக்கு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு நியாயமான, வரியில்லாத தொகை. அப்படிச் செய்தால் அலுவலுக்குத் தேவையில்லாத கம்பெனி கார்களில் பெரும்பகுதி ஐந்தே வருடத்தில் காணாமல் போகும், நிறுவனங்கள் அந்தப் பணத்தைச் சம்பளமாகவே கொடுக்கும், செம்மநத்தத்து மேனேஜர் தன் பாதைக்குத் தோதான ஜீப்பைத் தானே பார்த்து வாங்கிக்கொள்வார். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதன் விதிகளில் காருக்கான அட்டவணையை மாற்றி எழுத ஒரு மாலை போதும்.