காதைப் பொத்திய பிள்ளை

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எமது பழைய மாணவர் ஒருவர் சென்ற கிழமை எம்மைக் காண வந்திருந்தார். இரண்டு வயது நிரம்பாத ஆண் பிள்ளைக்குத் தந்தையாகிவிட்டவர் அவர். "பிள்ளையைச் சலூனுக்குக் கொண்டுபோனேன் சேர். கதிரையில் இருத்தியதும் கதறத் தொடங்கிவிட்டான். பாதி வெட்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீதியை வீட்டில் வெட்டலாமா?" என்று கேட்டார். வெட்டலாம் என்றோம். அவ்வாறு சொல்லும் தகுதியை நாம் அடைந்த வரலாறு அத்துணைப் பெருமைக்குரியதன்று. ஆயினும் அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பில் அது மே மாதக் கடைசி வரையில் தொடர்ந்தது. வெள்ளவத்தைச் சலூன்கள் யாவும் பூட்டிக் கிடந்தன. எமது இளைய மகனுக்கு அப்பொழுது வயது ஒன்றும் எட்டு மாதமும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவின்போது மழித்த தலை அது. அதன்பின் கத்தரி படவேயில்லை. மழிக்கும்போது அவன் உறங்கிக் கொண்டிருந்தபடியால், விழித்திருக்கும் பிள்ளைக்கு இதுவே முதல் முடிவெட்டு. சித்திரை வெயிலில் பிடரி முழுவதும் வியர்க்குரு. முன்மயிர் கண்ணில் விழ, அவன் இரு கைகளாலும் கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மாலை, மேசையில் கிடந்த கடதாசி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தோம். துவாயைக் கழுத்தில் இறுகச் சுற்றினோம். "ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்" என்று இல்லாளிடம் சொன்னோம். உண்மையில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வலது காதருகே கத்தரி ஒலித்ததும், ஒலி வந்த பக்கம் எதுவென்று பார்க்கப் பிள்ளை சட்டெனத் தலையைத் திருப்பினான். காது மடலின் விளிம்பில் கீறல் விழுந்தது. சிறிய காயந்தான், எனினும் காதில் இரத்தம் தாராளமாக வரும். சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாது அழுத்திப் பிடித்தபின் நின்றது. இல்லாள் எம்மிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமியார் மட்டும், "விளக்கு வைத்த பிறகு தலைமயிரில் கை வைக்கலாமோ?" என்றார். வேறு நாளாயிருந்தால் மூடநம்பிக்கை என்று வாதாடியிருப்போம். அன்று அறையில் வெளிச்சம் போதாது என்பது எமக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் முதல் கத்தரிக்கோலைக் கண்டால் பிள்ளை இரு காதுகளையும் பொத்திக்கொண்டான். கத்தரி மட்டுமன்று, சீப்பைக் கண்டாலும் அப்படியே. எம் கையிலிருந்து தாயிடம் தாவினான். தகப்பனுக்கு அதைவிடக் கடிய தண்டனை வேறில்லை.

எமக்கு வழக்கமாக முடி வெட்டுபவரைத் தொலைபேசியில் அழைத்தோம். கடை பூட்டியிருந்ததால் அவருக்கும் பேச நேரமிருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, "சேர், கடதாசி வெட்டுற கத்தரிக்கோலு மயிர வெட்டாது, மடிச்சு இழுக்கும். அதுதான் நோகும்" என்றார். அவர் சொன்னதிலே நுட்பமான உண்மை இருக்கிறது. மயிருக்கு உணர்ச்சியில்லை, அதன் வேரைச் சுற்றித்தான் நரம்பு உண்டு. வெட்டினால் நோகாது, இழுத்தால் நோகும். கத்தரி கூர்தானா என்றறிய அவர் ஒரு சோதனையும் கூறினார். ஒற்றை டிஷூக் கடதாசியை நனைத்து வெட்டிப் பார்க்க வேண்டும். கூரிய கத்தரி அதை நேராக வெட்டும். மழுங்கியது கசக்கி இழுக்கும். எமது கத்தரி கசக்கி இழுத்தது. மாடி வீட்டுக்காரர் தம் பிள்ளைகளுக்கென வைத்திருந்த, முனை உருண்ட, முடி வெட்டும் கத்தரியொன்றைத் தந்துதவினார். அது சோதனையில் தேறியது.

கருவி கிடைத்தது, பிள்ளையின் அச்சத்திற்கு என் செய்வது? இங்கே எமக்கு நினைவுக்கு வந்தது உளவியல் வகுப்பிலே படித்த ஒரு பழைய செய்தி. அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி 1924ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. முயலைக் கண்டு நடுங்கும் பீட்டர் என்ற சிறுவன். வயது இரண்டும் பத்து மாதமும். அவன் விருப்பமான உணவை உண்ணும் வேளையில், கூட்டில் அடைத்த முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் உண்பதை நிறுத்தாத அளவுக்கு மட்டும், நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டுவந்தார். ஈற்றில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். இதில் எச்சரிக்கை ஒன்றுண்டு. அவசரப்பட்டு முயலை நெருக்கிவிட்டால், முயல் மீதுள்ள அச்சம் நீங்குவதற்குப் பதிலாக உணவின் மீதும் அச்சம் பிறந்துவிடும். நெருங்குவதன் வேகத்தைப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும், நாமல்ல.

அவ்வண்ணமே செய்தோம். முதலிரு நாள், அவன் வாழைப்பழம் உண்ணும்போது கத்தரியை அறையின் மறுகோடியில், அவன் கைக்கெட்டாத அலுமாரி மேல் பார்வைக்கு வைத்தோம். மூன்றாம் நாள் அடுத்த அறையிலிருந்து அதன் ஒலியை மட்டும் எழுப்பினோம். உண்பதை நிறுத்திச் செவிமடுத்தான், காதைப் பொத்தவில்லை. ஐந்தாம் நாள் எமது தலையையே பணயம் வைத்தோம். இல்லாள் கத்தரியை எடுக்க, நாம் தரையில் அமர்ந்தோம். எட்டடி தூரத்தில், அம்மம்மாவின் மடியிலிருந்து பிள்ளை பார்த்தான். விழுந்த மயிரைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தோம். அதை அவன் எம் தலையில் திரும்ப வைத்தான்! வெட்டுவதென்றால் தன்னில் ஒரு பகுதி போய்விடுவதாகவே இவ்வயதுப் பிள்ளைகள் எண்ணுவர் போலும். எம் தலை அன்று அடைந்த கோலத்தைப் பற்றிக் கூறாது விடுகிறோம். வகுப்புகள் இணையத்தில் நடந்தபடியால் மாணவர் எம் முன்புறத்தையே கண்டனர். இதற்கிடையே ஒவ்வொரு நாளும் குளித்தபின் சீப்பால் அவன் தலையை வாரி, சீப்பின் பின்புறத்தால் காதையும் பிடரியையும் தொட்டுப் பழக்கினோம். பத்தாம் நாளளவில் தொடுகையை அவன் பொருட்படுத்தவில்லை.

வெட்டுக்கு ஒரு புதன்கிழமை காலையைத் தேர்ந்தோம். செவ்வாயும் வெள்ளியும் ஆகாவென்பது மாமியாரின் விதி. பசியும் தூக்கமும் இல்லாத வேளையாக இருக்கவேண்டுமென்பது எமது விதி. கழுத்தில் துவாய் சுற்றவில்லை. இறுக்கமும் பிள்ளையை மிரட்டும் என்பதால் தாயின் பழைய பருத்திச் சட்டையைத் தலைவழியே போட்டுவிட்டோம். முடி வெட்டும்போது கையில் வாழைப்பழம் கொடுக்கலாகாது. மயிர் ஒட்டி வாய்க்குள் போய்விடும். அதற்குப் பதிலாக உடுப்புக் கொழுவும் கிளிப்புகளை ஒரு கிண்ணத்தில் இட்டுக் கொடுத்தோம்.

முதலில் பிடரி. தாயின் மடியில் அமர்ந்து கிளிப்பைக் குனிந்து பார்க்கையில் பிடரி தானே விரிந்து நின்றது. இடக்கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே சிறிதளவு மயிரை எடுத்து, விரலுக்கு வெளியே நீண்டதை மட்டும் வெட்டினோம். தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே எப்பொழுதும் எம் விரல் இருந்தது. இங்கே முடிவெட்டுபவர் கூறிய பெரிய உபாயம் ஒன்றைச் சொல்லவேண்டும். இடக்கையை அந்தரத்தில் வைத்துக்கொள்ளாமல், உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தலையிலேயே ஊன்றவேண்டும். பிள்ளை தலையைத் திருப்பினால் கையும் உடன் திரும்பும். விரலின் காவல் விலகாது. தலையை இறுகப் பிடிப்பது வேறு, தலையோடு கையைச் செல்லவிடுவது வேறு. இறுகப் பிடித்தால் எந்தப் பிள்ளையும் திமிறும். வலக்கையிலும் ஓர் ஒழுங்குண்டு. கத்தரியின் கீழலகு அசையாதிருக்க, பெருவிரல் செலுத்தும் அலகு மட்டுமே அசையவேண்டும். இரண்டும் அசைந்தால் முனை எங்கே நிற்கிறதென்று வெட்டுபவருக்கே தெரியாது.

ஏழெட்டு வெட்டு ஆனதும் பிள்ளை கிண்ணத்தைத் தள்ளினான். முகம் சுளித்தது, அழுகை இன்னும் வரவில்லை. அந்தக் கணத்தில் நிறுத்தினோம். அழுதபின் நிறுத்தினால், அழுதால்தான் நிறுத்துவர் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். உடனே குளிப்பாட்டினோம். கழுத்தில் ஒட்டிய மயிர்த்துகளின் அரிப்பும் பல பிள்ளைகளின் அழுகைக்குக் காரணம். பவுடர் தூவித் துடைப்பது சலூன் வழக்கம். அத்தூள் சிறுபிள்ளையின் மூச்சில் ஏறுவது நல்லதன்று.

வியாழனன்று முன்மயிர். இதிலேதான் தந்தையர் பெரும்பாலும் தவறுவர். நனைந்த மயிர் நீண்டு நிற்கும், காய்ந்தால் மேலேறும். சுருள்மயிரானால் இன்னும் அதிகம் ஏறும். நனைத்துப் புருவமட்டத்தில் வெட்டினால், காய்ந்தபின் பாதி நெற்றி வெளியே தெரியும். ஆகவே உலர்ந்த மயிரை வாரிவிட்டு, எமது கை நெற்றியில் ஊன்றியிருக்க, கத்தரியின் முனை கண்பக்கம் நோக்காமல் புருவத்திற்கு இணையாகக் கிடக்க, அரை விரற்கிடை மட்டும் வெட்டினோம். ஒரே நேர்க்கோடாக வெட்டவும் முயலவில்லை. கோடு போட்டால் கோணல் தெரியும். சிறு சிறு துணுக்காக வெட்டினால் கோணல் மயிருக்குள் மறைந்துவிடும்.

காதோரத்தை ஞாயிறு வரை தொடவில்லை. இடையிலே தம்பி கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசினான். பிடரி குறுகி, காதோரம் இரண்டிலும் கற்றை தொங்கப் பிள்ளை நின்ற கோலத்தைக் கண்டு, "அண்ணா, இது என்ன புது நாகரிகம்?" என்று சிரித்தான். மூன்று நாள் அரைகுறைத் தலையோடு பிள்ளையை வைத்திருப்பதற்குச் சிறிது மானத்தை விடத்தான் வேண்டும்.

ஞாயிறு காலை, தாயின் தோளில் கன்னம் சாய்த்து, சாளரத்துக் காகங்களைப் பார்த்திருந்தான். இடக்கை விரல்களால் காது மடலை மெல்லக் கீழே மடித்து முழுவதும் மூடினோம். "காது தூங்குது" என்று இல்லாள் சொன்னார். கத்தரியை அவன் அறியாது கொண்டுபோகவில்லை. முதலில் கண்ணெதிரே ஒருமுறை ஒலிக்கச் செய்தபின்பே காதருகே கொண்டுபோனோம். எதிர்பார்த்த ஒலிக்குப் பிள்ளை திரும்பவில்லை. இடப்பக்கம் இப்படி முடிந்தது. வலப்பக்கம் திருப்பியபோது, பழைய காயத்தின் பக்கம், கையைக் காதுக்குக் கொண்டுபோனான். இல்லாள், "பொறுங்கோ" என்றார். பொறுத்தோம். அன்று வலப்பக்கத்தை வெட்டவில்லை; மறு ஞாயிறுதான் வெட்ட முடிந்தது.

எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு கிழமை போதுமென்று சொல்லமாட்டோம். தொடுகையையே சகியாத பிள்ளைகளும் உளர்; அவர்களுக்கு மாதங்கள் செல்லும். தலையில் புண்ணோ கட்டோ இருந்தால் கத்தரியைத் தள்ளிவைத்து வைத்தியரிடம் காட்டவேண்டும்.

ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்தபின், பிள்ளையைச் சலூனுக்கு அழைத்துச் சென்றோம். முடிவெட்டுபவர் கதிரையின் இரு கைகளுக்கும் குறுக்கே பலகை வைத்து அவனைத் தூக்கியிருத்தினார். தலையை இப்புறமும் அப்புறமும் பார்த்துவிட்டு, "இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் வேற ஒருத்தரா சேர் வெட்டினது?" என்றார். நாம் மறுமொழி கூறுமுன் அவர் கத்தரியைக் கையிலெடுத்து ஒலிக்கச் செய்தார். எம் மகன் கையை உயர்த்தினான். மீண்டும் பொத்தப்போகிறான் என்று நெஞ்சு துணுக்குற்றது. அவனோ வலது காதைத் தானே மடித்துப் பிடித்துக்கொண்டு, "தூங்குது" என்றான்.