93 என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒரு வகுப்பைப் பிரிக்காதீர்கள்

தவணைப் பரீட்சை முடிந்ததும் புள்ளிப் பகுப்பாய்வுத் தாள் நிரப்புகிறோம். கூடிய புள்ளி, குறைந்த புள்ளி, சராசரி, சித்தி வீதம். இந்த நாலையும் போட்டுக் கையொப்பம் வைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதன்பிறகு நடக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கூடியதிலிருந்து குறைந்ததைக் கழித்துப் பார்த்துவிட்டு, "இந்த வகுப்பில் இவ்வளவு வித்தியாசமா? பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் படிப்பியுங்கள்" என்பார். என் கருத்து இதுதான்: வீச்சைப் பார்த்து எடுக்கும் அந்த முடிவு பெரும்பாலும் இரண்டே இரண்டு பிள்ளைகளைப் பார்த்து எடுக்கும் முடிவு. மற்றப் பத்துப் பேரை அதில் யாரும் பார்க்கவே இல்லை.

வெறும் பேச்சாக இல்லாமல் கணக்காகவே பார்ப்போம். தரம் 10இல் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு சிறிய வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிதப் புள்ளிகள் இடாப்பு ஒழுங்கில் இப்படி இருக்கின்றன:

52, 97, 41, 62, 38, 55, 4, 47, 65, 50, 58, 45

கூடியது 97, குறைந்தது 4. வீச்சு 93. சராசரி ஏறத்தாழ 51. இந்த இரண்டு எண்களை மட்டும் கேட்டவருக்கு என்ன தோன்றும்? மேலிருந்து கீழ்வரை சிதறிக் கிடக்கும் ஒரு வகுப்பு என்றுதான் தோன்றும். இப்போது அதே புள்ளிகளை ஏறுவரிசையில் எழுதுங்கள்:

4, 38, 41, 45, 47, 50, 52, 55, 58, 62, 65, 97

இரண்டு ஓரத்தையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சப் பத்துப் பேரும் 38க்கும் 65க்கும் இடையில் நெருங்கி நிற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் இந்த நெருக்கத்தை எண்ணாகச் சொல்வதுதான் காலணை விலகல்.

செய்முறை நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதுதான். மொத்தம் 12 பேர். அதோடு ஒன்றைக் கூட்டி நாலால் பிரித்தால் 13/4, அதாவது மூன்றேகால். முதலாம் காலணை மூன்றேகாலாவது இடத்தில் இருக்கிறது. மூன்றாவது புள்ளி 41, நாலாவது 45. இடைவெளி 4. அதில் காற்பங்கு 1. ஆகவே முதலாம் காலணை 42. மூன்றாம் காலணை அதன் மூன்று மடங்கில், ஒன்பதேமுக்காலாவது இடத்தில். ஒன்பதாவது 58, பத்தாவது 62. இடைவெளி 4. அதில் முக்கால் பங்கு 3. ஆகவே மூன்றாம் காலணை 61.

காலணை விலகல் = (Q3 − Q1) / 2 = (61 − 42) / 2 = 9.5

42க்கும் 61க்கும் இடையில் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: 45, 47, 50, 52, 55, 58. சரியாக ஆறு பேர், வகுப்பில் பாதி. வகுப்பின் நடுப்பாதி 19 புள்ளிக்குள் அடங்குகிறது, அதன் அரைவாசி 9.5 என்பதுதான் இதன் பொருள். ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தக்கூடிய வகுப்பு இது. 93ஐப் பார்த்து இதைப் பிரித்தால், 50 எடுத்த பிள்ளையையும் 52 எடுத்த பிள்ளையையும் காரணமே இல்லாமல் வேறு வேறு அறையில் உட்கார வைக்கிறோம்.

ஓரப் புள்ளிகளுக்கு இந்த அளவை அசையாது என்று சொல்கிறோமே, அதையும் சோதிப்போம். 4 எடுத்த பிள்ளை 34 எடுத்திருந்தால், 97 எடுத்த பிள்ளை 69 எடுத்திருந்தால் என்ன ஆகும்? வீச்சு 93இலிருந்து 35க்கு விழுகிறது. நியம விலகல் ஏறத்தாழ 20.5 ஆக இருந்தது 10.5 ஆகிறது, பாதியளவு. காலணை விலகல்? அதே 9.5. மூன்றாவது, நாலாவது, ஒன்பதாவது, பத்தாவது இடங்களில் நிற்பவர்கள் மாறவில்லை. அதனால் விடையும் மாறவில்லை.

இதிலிருந்து ஒரு பயனுள்ள சோதனையும் கிடைக்கிறது. புள்ளிகள் செவ்வன் பரம்பலுக்குக் கிட்ட இருந்தால், காலணை விலகல் நியம விலகலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக இருக்கும். நமது வகுப்பில் நியம விலகல் 20.5, அதில் மூன்றில் இரண்டு கிட்டத்தட்ட 13.7. ஆனால் கிடைத்தது 9.5. இப்படிக் கணிசமாகக் குறைந்தால் ஓரத்தில் ஏதோ ஒரு புள்ளி நியம விலகலை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பன்னிரண்டு பேரில் இது ஒரு சைகை மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

அடுத்தது குணகம். காலணை விலகலுக்கு அலகு உண்டு, அது புள்ளியில் வருகிறது. 100க்கு வைத்த கணித வினாத்தாளையும் 40க்கு வைத்த விஞ்ஞான வினாத்தாளையும் அப்படியே ஒப்பிட முடியாது. அதே வகுப்பின் விஞ்ஞானப் புள்ளிகளில் முதலாம் காலணை 14, மூன்றாம் காலணை 22 என்று வைப்போம். காலணை விலகல் 4. கணிதத்தில் 9.5, விஞ்ஞானத்தில் 4. விஞ்ஞானத்தில்தான் பிள்ளைகள் நெருங்கி நிற்கிறார்கள் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாம். குணகத்தைப் பாருங்கள்:

குணகம் = (Q3 − Q1) / (Q3 + Q1)

கணிதம்: 19 / 103 = 0.18
விஞ்ஞானம்: 8 / 36 = 0.22

கதை தலைகீழாகிறது. தன் அளவுக்கு ஏற்றபடி பார்த்தால் விஞ்ஞானத்தில்தான் சிதறல் கூட. கவனம் வேண்டுமென்றால் அந்தப் பாடத்துக்குத்தான் முதலில் வேண்டும்.

ஆனால் குணகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. வினாத்தாளில் ஒரு கேள்வி பிழை என்று எல்லாருக்கும் 10 புள்ளி கூட்டிக் கொடுத்தால் காலணைகள் 52உம் 71உம் ஆகும். பிள்ளைகளுக்கு இடையிலான தூரம் ஒரு புள்ளிகூட மாறவில்லை, காலணை விலகல் அதே 9.5. குணகம் மட்டும் 19/123, அதாவது 0.15 ஆக இறங்குகிறது. எனவே கடினமான வினாத்தாளில் எல்லாரும் குறைவாக எடுத்தால் குணகம் தானாகவே ஏறும். குணகம் ஏறியது சிதறலாலா, புள்ளி மட்டம் தாழ்ந்ததாலா என்று தெரிய, இடையத்தையும் பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும்.

பிழை நடக்கும் இடங்கள் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, வரிசைப்படுத்தாமல் இடாப்பு ஒழுங்கிலேயே மூன்றாவது, நாலாவது புள்ளிகளை எடுப்பது. மேலே உள்ள இடாப்பில் அப்படிச் செய்தால் 46.25உம் 53.75உம் வரும், காலணை விலகல் 3.75. விடை நம்பக்கூடியது மாதிரியே இருப்பதுதான் ஆபத்து. கண்டுபிடிக்க வழி எளிது: இரண்டு காலணைகளுக்கும் இடையில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். பாதிப் பேர் வரவேண்டும். இங்கே 47, 50, 52 என்று மூன்று பேர்தான் வருகிறார்கள்.

இரண்டாவது, எக்செல். அதில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, இரண்டும் வேறு விடை தரும்:

```
=QUARTILE.EXC(A1:A12,1)
=QUARTILE.INC(A1:A12,1)
```

முதலாவது நாம் கையால் செய்த 42ஐத் தரும். இரண்டாவது 44ஐத் தரும், ஏனென்றால் அது இடத்தைக் கணக்கிடும் முறை வேறு. மூன்றாம் காலணைக்கும் அதேபோல 61உம் 59உம். காலணை விலகல் ஒன்றில் 9.5, மற்றதில் 7.5. இரண்டும் பிழை அல்ல. ஆனால் ஒரு வகுப்புக்கு ஒன்று, மற்ற வகுப்புக்கு மற்றது என்று பாவித்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் அது பிழை. பிள்ளைகள் குறைந்த வகுப்பில் இந்த இரண்டு புள்ளி வித்தியாசம் சின்ன விடயம் இல்லை. பழைய QUARTILE கட்டளையும் INC முறையில்தான் வேலை செய்கிறது.

இன்னும் ஒரு எல்லை உண்டு. பன்னிரண்டு பேரில் ஓரத்துக்கு இரண்டு பேர் வரைதான் இந்த அளவை தாங்கும். பரீட்சைக்கு வராத மூன்று பிள்ளைகளுக்கு 0 போட்டுவிட்டால் மூன்றாவது இடமும் 0 ஆகிவிடும். 4, 38, 41 எடுத்த மூவருக்கும் அப்படி நடந்தால் முதலாம் காலணை 42இலிருந்து 11.25க்கு விழும், காலணை விலகல் கிட்டத்தட்ட 25 ஆகும். வராதவருக்கு வரவு இல்லை என்று எழுதவேண்டும், பூச்சியம் எழுதக்கூடாது. தவறான தரவைத் திருத்தும் வேலையைக் காலணை செய்யாது.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படும் விடயம். காலணை விலகல் ஓரப் புள்ளிகளுக்கு அசைவதில்லை என்றால், அது அவற்றின் பெறுமானத்தைப் பார்ப்பதில்லை என்றுதான் அர்த்தம். 4 எடுத்த பிள்ளை 4 எடுத்தாலும் 34 எடுத்தாலும் இந்த அளவைக்கு ஒன்றுதான். வகுப்பைப் பற்றிப் பேசும்போது அது நல்ல குணம். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அதே குணம் அநியாயமாகிவிடும். "9.5தான், வகுப்பு நல்லா இருக்கு" என்று தாளை மூடிவைத்தால், வீச்சை வைத்து வகுப்பைப் பிரித்தவர் பத்துப் பேருக்குச் செய்த பிழையை நாம் ஒரு பிள்ளைக்குச் செய்கிறோம்.

ஆகவே நான் கேட்பது புதிதாக ஒரு படிவம் இல்லை. இருக்கிற தாளிலேயே சராசரிக்குப் பக்கத்தில் இடையம், காலணை விலகல், குணகம் மூன்றையும் எழுதுங்கள். எந்த முறையில் காலணை எடுத்தீர்கள் என்று ஒரு சொல் குறியுங்கள். வகுப்பைப் பிரிப்பதா, ஒன்றாக நடத்துவதா என்ற கேள்விக்கு அந்த எண்களிடம் பதில் கேளுங்கள். அதன் கீழே தனி வரியில் இரண்டு ஓரத்திலும் நிற்கும் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். 4 எடுத்த பிள்ளையின் விடைத்தாளை விரித்துப் பாருங்கள். இரண்டாம் வினாத்தாளுக்கு வராமல் போயிருக்கலாம், கேள்வியை வாசிக்கவே சிரமப்பட்டிருக்கலாம், பின்னங்களிலேயே நின்றுபோயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு பரிகாரக் கற்பித்தல் வேண்டும். அது எதுவென்று எந்த விலகலும் சொல்லாது. விடைத்தாளும் பிள்ளையும்தான் சொல்லவேண்டும்.