ஓட்டோவை விட்டு இறங்குங்கோ

பம்பலப்பிட்டியில் பைபர் இணைப்பு உள்ள ஒரு வீட்டில் இருந்துகொண்டு யூடியூப் பார்க்கிற ஆளுக்கு ‘Auto’ என்ற சொல் கண்ணிலேயே படாது. வீடியோ ஓடும், படம் வடிவாக இருக்கும், அவ்வளவுதான். அந்த ஆளிடம் போய், “சிக்னல் குறைந்த ஊரில் இந்த Auto தான் வீடியோவை நிப்பாட்டுது, அதை விட்டிட்டு 240pஇல் பூட்டி வையுங்கோ” என்று சொன்னால் சிரிப்பார். “அது சிக்னலுக்கு ஏத்தமாதிரித் தானே மாறுமே, பிறகேன் நாங்கள் கை வைக்கோணும்?” என்பார். எங்கட பட்ச் பெடியள் முக்கால்வாசிப்பேரின் பதிலும் இதுதான். நான் சொல்ல வருவது, அந்தப் பதில் காலி வீதிக்குச் சரி, ஒட்டுசுட்டானுக்குப் பிழை.

ஒட்டுசுட்டான் பக்கம் என்ர சித்தப்பாவின் மகள் இருக்கிறாள், இந்த வருசம் ஏ.எல். எடுக்கிறாள். பதிவுசெய்த பாட வீடியோக்களைப் போனில்தான் பார்க்கிறாள். ஒருநாள் கோல் எடுத்துச் சொன்னாள்: “அக்கா, சேரின்ர முகம் நல்ல வடிவாத் தெரியுது. ஆனா அவர் ஒண்டும் கதைக்கிறேல்ல, வாயைத் திறந்தபடி நிண்டுகொண்டே இருக்கிறார்.” இதைவிடச் சுருக்கமாக இந்தப் பிரச்சினையை ஒருத்தரும் சொன்னதில்லை. படம் வடிவு, பாடம் இல்லை.

ஏன் இப்படி நடக்குது? வீடியோ ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடி நீளமான துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொரு துண்டும் 144p, 240p, 360p, 480p என்று பல தரத்தில் சேர்வரில் தயாராகக் கிடக்கும். அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்பதைப் போனில் இருக்கிற பிளேயர் முடிவெடுக்கும். பெரும்பாலும் அது பார்ப்பது, போன துண்டுகள் எவ்வளவு வேகமாக வந்தன என்பதை. வேகமாக வந்திருந்தால் அடுத்ததைக் கூடின தரத்தில் கேட்கும்.

நகரத்தில் இது சரிவரும். அங்கே இந்த நிமிசம் இருக்கிற வேகம் அடுத்த நிமிசமும் ஏறத்தாழ இருக்கும். ஊரில் அப்படியில்லை. டவருக்குத் தூரத்தில், எல்லையில் இருக்கிற போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும், 4Gஐ விட்டுக் கீழே இறங்கும், திரும்ப ஏறும். பின்னேரம் எல்லாரும் போனை எடுத்தால் ஒரே டவரைப் பங்குபோட வேண்டும். ஆகவே அங்கே வருவது மெதுவான இணைப்பு என்பதை விட, விட்டுவிட்டு வருகிற இணைப்பு. மழை மாதிரி. மழை பெய்கிற நேரத்தில் தொட்டியை நிரப்புவீர்களா, இல்லை மோட்டார் சைக்கிள் கழுவுவீர்களா? Auto செய்வது இரண்டாவதை. நல்ல நேரம் வந்தவுடனே அதைப் படத்தை வடிவாக்கச் செலவழிக்குது. பூட்டி வைத்த தரம் அதே நேரத்தை வருகிற வெயிலுக்குச் சேமிக்குது.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்ப்பம். ஆர்ட்ஸ் பிள்ளை கணக்குப் போடுது என்று பயப்பட வேண்டாம், பெருக்கல் கழித்தல்தான். ஒரு வீட்டில் இணைப்பு 40 விநாடிக்கு 1500 கிலோபிற் வேகத்தில் வருகிறது, பிறகு 60 விநாடிக்கு 100 கிலோபிற்றாக விழுகிறது என்று வைப்பம். 240p வீடியோவுக்கு ஒலியோடு சேர்த்து விநாடிக்கு ஏறத்தாழ 300 கிலோபிற் போகும், 480pக்கு ஏறத்தாழ 1000. வீடியோவைப் பொறுத்து இது கூடும் குறையும்.

முதலில் 240pஇல் பூட்டின போன். நல்ல 40 விநாடியில் 60,000 கிலோபிற் வரலாம், அது 200 விநாடி வீடியோ. பிளேயர் அவ்வளவையும் சேர்க்க விடாது, ஒரு நிமிசம் வரைதான் சேர்க்கும் என்று கஞ்சத்தனமாகவே வைப்பம். கையிருப்பு 60 விநாடி. இப்ப இணைப்பு விழுகிறது. கெட்ட 60 விநாடியில் உள்ளே வருவது 6000 கிலோபிற், அதாவது 20 விநாடி வீடியோ. ஓடி முடிவது 60 விநாடி. மிச்சம் 20. ஒரு தரமும் நிற்கவில்லை.

இப்ப Auto. 1500 வருகிறதைக் கண்டு 480pக்கு ஏறுகிறது. அதே 60,000 கிலோபிற் இப்போது 60 விநாடி வீடியோதான். அதில் 40 ஓடிவிட்டது, கையிருப்பு 20. இணைப்பு விழுகிற நேரம் ஐந்து விநாடித் துண்டு ஒன்றை 480pஇல் கேட்டுவிட்டது. அந்த 5000 கிலோபிற் 100 வேகத்தில் வந்து சேர 50 விநாடி. இருபதாவது விநாடியில் கையிருப்பு முடிகிறது, மிச்ச 30 விநாடியும் வட்டம் சுத்துது. சேர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

“நல்ல பிளேயர் அந்தத் துண்டைப் பாதியில் கைவிட்டு 144pக்கு இறங்கும்” என்று கம்ப்யூட்டர் படிக்கிற நண்பன் ஒருவன் சொன்னான். உண்மை, அப்படியான பிளேயர்கள் இருக்கு. பத்து விநாடி பார்த்துவிட்டுக் கைவிடுகிறது என்று வைப்பம். அதற்குள் வந்த 1000 கிலோபிற் குப்பை, ஆனால் டேட்டாக் காசு போனது போனதுதான். கையிருப்பு 10 விநாடி. 144pக்கு ஒலியோடு 150 வேண்டும் என்றால், வருகிற 100 அதற்கும் காணாது. மூன்று விநாடி ஓட, இரண்டு விநாடிதான் உள்ளே வரும். அந்த 10 விநாடிக் கையிருப்பு 30 விநாடிக்குத் தாக்குப்பிடிக்கும், நாற்பதாவது விநாடியில் வீடியோ நிற்கும். கெட்டிக்கார Autoவும் நின்றுதான் போகுது. ஏனென்றால் பிழை நடந்தது இணைப்பு விழுந்த நேரத்தில் இல்லை, நல்லாக இருந்த நேரத்தில்.

இது எனக்கு மட்டும் தோன்றின யோசனை இல்லை. 2014இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெட்பிளிக்ஸோடு சேர்ந்து, வேகத்தை ஊகிப்பதை விட்டுவிட்டுக் கையிருப்பில் எத்தனை விநாடி இருக்கு என்பதை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவெடுக்கும் முறையை உண்மையான பாவனையாளர்களிடம் பரிசோதித்தார்கள். வீடியோ இடையில் நிற்பது 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. ஆகவே Auto எல்லாமே முட்டாள் என்று நான் சொல்லவில்லை. எங்கட கையில் இருக்கிற Auto எப்படி யோசிக்குது என்று எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை, மாற்றவும் முடியாது. எண்ணைப் பூட்டுவது மட்டும்தான் எங்களால் முடிகிற காரியம்.

நிறுவனங்களுக்கும் இது தெரியாததில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு எல்லாரும் வீட்டில் அடைபட்டபோது, ஐரோப்பாவின் இணையம் திணறும் என்ற பயத்தில் நெட்பிளிக்ஸ் அங்கே தன் வீடியோக்களின் அளவைக் குறைத்தது. யூடியூப் உலகம் முழுவதும் ஆரம்பத் தரத்தை 480pக்கு இறக்கியது, கூட வேண்டுமென்றவர் கையால் மாற்றலாம். அதாவது பெரிய நாடுகளின் கேபிளுக்கு நெருக்கடி என்றவுடனே, “தானாக மாறும்தானே” என்று சொல்லிக்கொண்டு இருக்கவில்லை. ஒரு எண்ணைப் போட்டார்கள்.

அடுத்த வருசம், 2021இல், இலங்கையில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பாடத்துக்காக மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியால் நடந்து பாறை உச்சிக்கு ஏறின செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. லுணுகலைப் பக்கம் மரத்து மேல் குடில் கட்டி அதற்குள் இருந்து படித்தார்கள். எல்லாரும் அந்தப் படங்களைப் பகிர்ந்து “எவ்வளவு ஆர்வம் பாருங்கோ” என்று இதயம் போட்டோம். அந்தப் பாறையில் கிடைக்கிற கொஞ்ச சிக்னலை எப்படிச் சிக்கனமாகப் பாவிப்பது என்று ஒருத்தரும் கதைக்கவில்லை.

பூட்டுவது எப்படி என்று பார்த்தால்தான் கோபம் வரும். யூடியூப் செயலியில் பற்சக்கரத்தை அமத்தி, ‘Quality’க்குப் போனால் எண்கள் இல்லை. ‘Auto’, ‘Higher picture quality’, ‘Data saver’ என்று சொற்கள். எண் வேண்டுமென்றால் ‘Advanced’ என்பதற்குள் போகவேண்டும். 240pஐத் தெரிவு செய்தாலும் அது அந்த ஒரு வீடியோவுக்குத்தான், அடுத்த வீடியோவில் திரும்பவும் முதலிலிருந்து. நிரந்தரமாகக் குறைத்து வைக்கக்கூடியது ‘Data saver’ மட்டும், அது எந்த எண் என்று சொல்லாது. முந்தி இன்னொரு வழி இருந்தது. வீடியோவை ‘pause’ பண்ணிவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் சாம்பல் கோடு கடைசிவரை நிரம்பியிருக்கும். பத்து வருசத்துக்கு மேலாக அதுவும் இல்லை. மீற்றர் போடாத ஓட்டோவில் ஏறினது மாதிரி, போகிற வழியும் அவர் முடிவு, காசும் அவர் முடிவு.

எந்த எண்ணில் பூட்டுவது? அதைப் பார்க்க ஒரு வசதி இருக்கு. ‘Stats for nerds’ என்பதைத் திறந்தால் கையிருப்பை விநாடியில் காட்டும். சிக்னல் விழுகிற நேரம் அது பூச்சியத்தைத் தொட்டால் ஒரு படி கீழே போங்கோ. மோசமான நேரத்திலும் இருபது முப்பதில் நின்றால் ஒரு படி மேலே போகலாம். தங்கச்சி இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 240pஇல் ஒரு தரமும் நிற்கவில்லை, ஆனால் பலகையில் எழுதின எழுத்து வாசிக்க முடியவில்லை. 360pஇல் பாடத்துக்கு ஒன்றிரண்டு தரம் நின்றது, எழுத்துத் தெரிந்தது. அவள் 360pஇல் நிற்கிறாள். பேச்சு மட்டும் உள்ள வரலாற்றுப் பாடத்துக்கு 144pக்கே இறங்கிவிடுவாள். இந்த முடிவை எந்த Autoவும் எடுக்காது, ஏனென்றால் பலகையில் என்ன இருக்கு என்று அதற்குத் தெரியாது.

இரண்டு இடத்தில் என்ர வாதம் செல்லாது. ஒன்று, சூம் மாதிரி நேரடி வகுப்பு. இன்னும் நடக்காததைச் சேமிக்க ஏலாது, அங்கே கையிருப்பே இல்லை, அதனால் தானாக மாறுவதுதான் சரி. மற்றது, கையிருப்பை விட நீளமாக, ஐந்து பத்து நிமிசம் இணைப்பே இல்லாமல் போகிற இடம். அங்கே எந்த எண்ணும் காப்பாற்றாது, இரவில் ‘Download’ பண்ணி வைப்பதுதான் வழி.

வீடியோ போடுகிற ஆசிரியர்களிடமும், எங்கட பல்கலைக்கழகத்தில் இலவசமாக ஏ.எல். பாடம் பதிவுசெய்து போடுகிற நண்பர்களிடமும் ஒரு வேலை கேட்கிறேன். போட முந்தி உங்கட வீடியோவை உங்கட போனில் 240pஇல் ஒருக்கால் பாருங்கோ. எழுத்துத் தெரியாவிட்டால் பெரிதாக எழுதுங்கோ, ஒரு பலகையில் ஆறு ஏழு வரிக்கு மேல் வேண்டாம். கீழே விபரத்தில் “இது 240pஇலும் வாசிக்கலாம்” என்று ஒரு வரி எழுதிவிடுங்கோ.